சீறாவும் குணங்குடியார் கண்ணியும்: செட்டிநாட்டு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பன் விழா நடக்கிற ஊர்க்காரன் நான். சீறாப்புராணத்தைக் கம்பராமாயணத்தைப் பார்த்து எழுதினார் என்று மேடையில் ஒருவர் சொன்னார். அப்படியானால் அது இரவல் சரக்குதானே ஐயா?

பார்த்து எழுதினார் என்பது உண்மை. இரவல் என்பது தவறு. உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியவர். எட்டயபுரத்து அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்தவர். அந்தப் பள்ளியில் காப்பியம் படிப்பதென்றால் கம்பனைப் படிப்பதுதான். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பெருங்காப்பியமாகப் பாட வேண்டும் என்று வந்தபோது, அவருக்குத் தெரிந்த பெருங்காப்பியத்தின் வீடு எப்படி இருந்ததோ அப்படியே கட்டினார். காண்டம், படலம், விருத்தம், அவையடக்கம், நாடு, நகரம் என்று வரிசை மாறாமல் வரும். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என்று மூன்று காண்டங்கள். முதலாவது பிறப்பையும், இரண்டாவது நபித்துவம் கிடைத்த காலத்தையும், மூன்றாவது மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன பிறகு நடந்தவற்றையும் சொல்கின்றன. மொத்தம் 92 படலங்கள், 5027 பாடல்கள்.

தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் தருகிறது. மலை, கடல், நாடு, வளநகர், பருவம், ஞாயிறு திங்களின் தோற்றம் என்று தொடங்கி, மணம் புணர்தல், பொழில் விளையாட்டு, நீராட்டு, மதுக்களி, ஊடல், கூடல் என்று போகும். இதில் முதல் பாதியால் உமறுக்குச் சிக்கலே இல்லை. பிற்பாதியில் எல்லாவற்றையும் காப்பியத் தலைவனுக்கு ஏற்றிப் பாட முடியாது. தலைவர் நபிகள் நாயகம். அவரை மது மயக்கத்தில் வைத்து ஒரு முஸ்லிம் எப்படிப் பாடுவார்? உமறு நாட்டையும் நகரையும் மணத்தையும் விரித்தார். தலைவனின் மதுக்களியை எடுத்துக்கொள்ளவில்லை. சொன்ன உறுப்புகளில் சில குறைந்தாலும் காப்பியம் காப்பியமே என்று தண்டியலங்காரமே இடம் தந்திருக்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் அவர் நடந்தார்.

அதனால் சீறாவைப் படிக்கும்போது கம்பனோடு எங்கே ஒத்துப்போகிறது என்று மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். யாப்பும் இலக்கணமும் ஒன்றைக் கேட்கின்றன, மார்க்கம் வேறொன்றைச் சொல்கிறது. அந்த முட்டல் வருகிற இடத்தில் புலவர் என்ன செய்தார் என்று பாருங்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட இடங்களைப் பற்றியவைதான்.

அரபு நாடு மணல் காடு. அங்கே நெல் வயல், நாற்று நடவு, வாய்க்கால் எல்லாம் எப்படி வந்தன? புலவருக்கு அரபு நாடு தெரியாதோ?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. நாட்டுப் படலத்தில் மேகம் கடல் நீரைக் குடித்து, மலையில் பொழிகிறது. வெள்ளம் மலையிலிருந்து இறங்கி நிலங்களைக் கடந்து வயலுக்கு வருகிறது. உழவர் உழுகிறார்கள், பெண்கள் நாற்று நடுகிறார்கள், களை எடுக்கிறார்கள், கதிர் அறுத்துக் களத்தில் சேர்க்கிறார்கள். நடுவில் பெயரை எடுத்துவிட்டுப் படித்தால் சோழநாடு என்றே நினைப்போம்.

தெரியாமல் எழுதினார் என்பது நிற்காது. அதே விலாதத்துக் காண்டத்தில் ‘சுரத்திற் புனலழைத்த படலம்’ என்று ஒன்று இருக்கிறது. வணிகர் கூட்டம் பாலையில் தண்ணீரின்றித் தவிக்கும் இடம் அது. வெயிலும் வறட்சியும் நாவறட்சியும் அங்கே கண் முன்னால் நிற்கின்றன. பாலை நிலத்தை எப்படிப் பாட வேண்டும் என்பது சங்க காலத்திலிருந்தே தமிழில் உள்ள கைத்தொழில். அந்த வேலை தேவைப்பட்ட இடத்தில் உமறு செய்திருக்கிறார். ஆக, மணல் காடு அவருக்குத் தெரியும். காப்பியத்தின் வாசலில் அதை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வைக்கவில்லை? இதற்கு நம் பக்கத்து ஆட்களுக்குப் பதில் எளிதில் புரிய வேண்டும். நாம் இருப்பது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லையென்றால் இல்லை. உமறு வளர்ந்த எட்டயபுரம் கரிசல் காடு. அவரை ஆதரித்த கீழக்கரை உப்புக்காற்று அடிக்கிற கடற்கரை. எந்த ஊரிலும் அவர் பார்த்துக்கொண்டே பாட ஒரு காவிரி ஓடவில்லை. நாட்டுப் படலத்து வயல் அரபு நாட்டின் வயலும் இல்லை, அவர் சொந்த ஊர் வயலும் இல்லை. நல்ல ஆட்சியும் அருளும் இருக்கிற நாட்டில் மழை தவறாது, பயிர் பொய்க்காது என்பது தமிழ்க் காப்பியங்களின் நெடுநாளைய கணக்கு. நபி பிறக்கப் போகிற நாடு அருள் பெற்றது என்று தமிழ்க் காதுக்குச் சொல்ல வேண்டுமானால், அதை மருதமாக்கித்தான் சொல்ல வேண்டும். கோசலத்தைக் கம்பன் காவிரிக் கரையாக்கியதும் இதே கணக்கில்தான். சரயுவில் இப்படியா தண்ணீர் ஓடுகிறது என்று காரைக்குடி மேடையில் யாரும் அவனைக் கேட்பதில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நாட்டுப் படலத்தில் சில பாடல்கள் வெறும் பழக்கத்தால் வந்தவை. நடவு நடும் பெண்களின் அழகைச் சொல்லும் விருத்தங்கள் எந்தக் காப்பியத்திலும் ஒட்டிக்கொள்ளும். மக்க நகருக்கு வந்து, அதன் பின் தலைமுறையைச் சொல்லத் தொடங்கும்போதுதான் உமறின் குரல் தனியாகக் கேட்கத் தொடங்குகிறது. இது என் கருத்து. மாறாக நினைப்பவர்களும் உண்டு.

எங்கள் வீட்டில் எந்த ஏட்டைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவோம். அவர்கள் காப்புச் செய்யுளுக்கு என்ன செய்வார்கள்?

சீறாவின் முதல் அடி இது: ‘திருவினும் திருவாய்ப் பொருளினும் பொருளாய்த் தெளிவினும் தெளிவதாய்ச் சிறந்த’. அந்தப் பாடல் ‘கருத்தனைப் பொருத்துதல் கருத்தே’ என்று முடியும். படைத்தவனை நெஞ்சில் இருத்துவதே என் எண்ணம் என்பது சாரம்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். நூல் மங்கலச் சொல்லில் தொடங்க வேண்டும் என்று பாட்டியல் நூல்கள் சொல்கின்றன. கம்பன் ‘உலகம்’ என்று தொடங்கினான், சேக்கிழாரும் ‘உலகெலாம்’ என்றே தொடங்கினார். அந்த மங்கலச் சொற்களின் வரிசையில் ‘திரு’வும் ஒன்று. உமறு மரபுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்தது, அந்தப் பாடலில் கடவுளுக்குப் பெயரே கிடையாது. உருவமும் கிடையாது. செல்வத்துக்குள் செல்வம், பொருளுக்குள் பொருள், தெளிவுக்குள் தெளிவு என்று ஒவ்வொன்றையும் கடந்துகொண்டே போகிறது. கம்பனின் முதல் பாட்டிலும் ஆக்குதல், நிலைபெறுத்தல், நீக்கல் என்று தொழிலைச் சொல்லித் ‘தலைவர்’ என்று நிறுத்துகிறான், பெயர் சொல்வதில்லை. அந்த வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. உருவமற்ற ஒருவனைத் தொழுகிற புலவருக்கு அது அளவெடுத்தது போலப் பொருந்தியது.

கடவுளுக்குப் பிறகு நபிகள் நாயகம், முன் வந்த நபிமார், முதல் நான்கு கலீபாக்கள், பக்தாதில் அடங்கியிருக்கிற முகியித்தீன் ஆண்டவர் என்று வாழ்த்து இறங்கிவரும். சைவ நூலில் விநாயகர், முருகன், நால்வர் என்று இறங்கும் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேறுபாடு பெரியது. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே உமறு ஒரு கோடு வைக்கிறார். முதலில் இருப்பவன் படைத்தவன், பின்னால் வருபவர்கள் எல்லாம் படைக்கப்பட்டவர்கள்.

‘நபியவதாரப் படலம்’ என்று தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கடவுள் மனிதனாக இறங்குவதை இஸ்லாம் ஏற்பதில்லையே? என் அத்தா இதைக் கேட்டு முகம் சுளித்தார்.

உங்கள் அத்தாவின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் அந்தப் படலத்துக்கு முந்திய படலத்தில் இருக்கிறது. தலைமுறைப் படலத்தைப் படித்துக் காட்டுங்கள். இறைவன் முதலில் படைத்த ஓர் ஒளி, ஆதம் நபியிடம் வைக்கப்படுகிறது. அது அவரிடமிருந்து மகனுக்கு, பேரனுக்கு என்று ஒவ்வொரு தலைமுறையாக இறங்கி, கடைசியில் அப்துல்லாவிடம் வந்து, ஆமினாவின் வயிற்றில் சேர்கிறது. நூர் முகம்மதியா என்று சூஃபிகள் சொல்லும் கருத்து இது.

இங்கே மேலிருந்து கீழே வருவது கடவுள் இல்லை, கடவுள் படைத்த ஒளி. அது வருகிற வழியும் வானத்திலிருந்து ஒரே தாவலாக இல்லை. தந்தை, மகன் என்ற மனித வரிசையில் வருகிறது. உமறு தலைப்பை மரபுக்கு விட்டுக்கொடுத்து, உள்ளே இருக்கிற கருத்தைத் தலைமுறைப் படலத்தால் காவல் போட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, உமறு வைணவச் சார்பில் பாடிவிட்டார் என்று ஒரு சாராரும், மதங்களெல்லாம் ஒன்று என்றார் என்று இன்னொரு சாராரும் பேசுகிறார்கள். இருவருமே முந்திய படலத்தைப் புரட்டவில்லை.

மான் கதை ஒன்று உண்டாமே தம்பி. பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து பாதி சொன்னாள். முழுக்கச் சொல்லுங்களேன்.

சொல்கிறேன் ஆச்சி. ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ அது. நபிகள் நாயகம் தோழர்களோடு ஒரு மலைச் சோலைப் பக்கம் போகிறார். அங்கே ஒரு வேடன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். மான் நபியைப் பார்த்து வாய் திறந்து பேசுகிறது. கூட்டத்தைப் பிரிந்து வலையில் அகப்பட்டுவிட்டேன், குட்டி பாலுக்குத் தவித்துக்கொண்டிருக்கும், போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன், என்னை விடச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறது.

நபி வேடனிடம் கேட்கிறார். வேடன் சிரிக்கிறான். காட்டுக்குள் விட்ட மான் திரும்பி வந்ததாக எங்காவது உண்டா என்கிறான். அவன் கேட்பது நடைமுறை நியாயம்தான், அன்றைய வீட்டுச் சோறு அவனுக்கு அந்த மான். அப்போது நபி, மான் வராவிட்டால் நான் பொறுப்பு என்று தம்மையே பிணையாக வைக்கிறார். கட்டு அவிழ்கிறது. மான் ஓடுகிறது.

இதற்கு அப்புறம்தான் படலத்தின் உயிர் இருக்கிறது. மான் தன் கூட்டத்திடம் போய் நடந்ததைச் சொல்கிறது. தப்பித்து வந்தவள் மறுபடி சாவதற்கா போவாய் என்று இனம் தடுக்கிறது. எனக்காக ஒருவர் பிணை நிற்கிறார், நான் போகாமல் இருக்க முடியாது என்கிறது மான். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. குட்டியும் கூடவே வந்துவிடுகிறது. போன ஒன்றுக்கு இரண்டாக வந்து நிற்பதைப் பார்த்த வேடன் மனம் மாறிக் கலிமாச் சொல்கிறான். தாயும் குட்டியும் காட்டுக்குப் போகின்றன.

மான் பேசிய செய்தி அரபு மரபிலும் உண்டு. உமறு அதை விரித்த விதம் தமிழ். குறிஞ்சி நிலத்துச் சோலை, பிரிந்த பிணைமானின் புலம்பல், இனத்தார் சொல்லும் புத்திமதி, சொன்ன சொல்லுக்காக உயிரைக் கொண்டுவந்து கொடுப்பது என்று ஒவ்வொன்றும் நம் காப்பியங்களில் வளர்ந்தவை. மதுரைத் திருவிளையாடலில் சொக்கநாதர் தாய் இழந்த பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்களில்தான் இந்தப் படலமும் பாடப்பட்டது. ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிடாதீர்கள். திருவிளையாடலில் இறைவனே தாய்ப் பன்றியாக வருகிறான். சீறாவில் நபி உருமாறுவதில்லை, மாயம் காட்டுவதில்லை, தம் சொல்லைப் பணயம் வைக்கிறார். மனிதராகவே நின்று செய்கிற காரியம் அது.

இதற்கெல்லாம் யார் செலவு செய்தது?

கீழக்கரை சீதக்காதி. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று நாம் சொல்கிறோமே, அவரேதான். செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது பெயர், கடல் வணிகர். அரபு மூலங்களைத் தந்து உதவியவர் அதே ஊரில் வாழ்ந்த பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா. நூல் முடியும் முன்பே சீதக்காதி மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் தொடர்ந்து ஆதரித்தார். காப்பியத்தின் நடுவே ஆங்காங்கே அபுல் காசிமைப் புகழ்ந்து பாடல்கள் வரும். கம்பன் சடையப்பரை வைத்த அதே முறை. கப்பல் வணிகத்தில் வந்த பணம் தமிழுக்குப் போன கதை செட்டிநாட்டாருக்குப் புதிதில்லை.

உமறு ஹிஜ்றத்துக் காண்டத்தோடு நின்றுவிட்டார். நபியின் பிற்கால வாழ்க்கையைப் பனீ அகமது மரைக்காயர் தனியாகப் பாடினார். அதைச் சின்னச் சீறா என்பார்கள். சீறாப்புராணம் அச்சேறியது 1842இல். பதிப்பித்தவர் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம். புலவர் நாயகம் என்ற பட்டம் அவருக்கு உண்டு, அவரும் காப்பியங்கள் பாடியவர்.

உமறுதான் முதல் முஸ்லிம் புலவரா?

இல்லை. முழுதாகக் கிடைத்திருப்பவற்றில் முந்தியது ஆயிர மசலா, 1572. பாடியவர் வண்ணப் பரிமளப் புலவர், மதுரையில் அரங்கேறியது. அப்துல்லா இப்னு சலாம் என்ற யூத அறிஞர் கேள்வி கேட்க, நபி பதில் சொல்லும் நூல். கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் போல மசலாவும் முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குப் புதிதாகக் கொண்டுவந்த வகை. கொடுக்கல் மட்டும் இல்லை, வாங்கலும் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து தொண்டிக்குப் பேருந்தில் போகும்போது குணங்குடி என்று பெயர் கேட்டேன். மஸ்தான் சாகிபு ஊர் அதுதானா? அவர் சித்தரா, சூஃபியா?

தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடி அவருடைய ஊர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். 1792 முதல் 1838 வரை வாழ்ந்தவர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி, திருச்சியில் மௌலவி ஷாம் சாகிபிடம் தீட்சை, பிறகு துறவு. சதுரகிரி, நாகமலை என்று மலைகளில் அலைந்து, கடைசியில் சென்னை இராயபுரத்தில் தங்கி அங்கேயே அடங்கினார். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் தொண்டியார் என்றார்கள், தண்டையார்பேட்டை என்ற பெயரே அதனால் வந்தது என்றும் சொல்வார்கள்.

சித்தரா சூஃபியா என்ற கேள்வியை அவர் பாட்டிடமே கேட்கலாம். ஒரு கண்ணியை எடுத்துக்கொள்வோம்:

‘கள்ளக் கருத்துகளைக் கட்டோடு அறுத்தவருக்கு
உள்ளிருக்கும் மெய்ஞ்ஞான ஒளியே பராபரமே’

இரண்டே அடி. ‘பராபரமே’ என்று முடிகிறது. இந்த முடிவும் இந்த அளவும் தாயுமானவருடைய பராபரக் கண்ணியிலிருந்து வந்தவை. தாயுமானவர் அடங்கியிருப்பது இராமநாதபுரத்தில், குணங்குடியாரின் சொந்தச் சீமையில். அவர் பாட்டை அந்தப் பக்கத்துப் பண்டாரங்களும் ஓதுவார்களும் தெருவில் பாடிக்கொண்டே போவார்கள். கண்ணி என்ற வடிவத்துக்கு ஒரு வசதி உண்டு. காப்பியத்துக்குக் கதை வேண்டும், சதகத்துக்கு நூறு பாடலின் கட்டுக்கோப்பு வேண்டும். கண்ணிக்கு ஒரு மூச்சும் ஒரு விளியும் போதும். ஒவ்வொரு இரண்டு அடியும் தனியாக நிற்கும், எங்கே தொடங்கியும் பாடலாம், எங்கேயும் நிறுத்தலாம். இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ருக்குப் பழகிய ஒரு சூஃபிக்கு, அடி முடியும்போதெல்லாம் ஒரே விளி வந்து விழுகிற இந்த வடிவம் எவ்வளவு இயல்பாக இருந்திருக்கும் என்று பாடிப் பார்த்தால் தெரியும்.

உள்ளே என்ன சொல்கிறார்? கள்ள எண்ணங்களை வேரோடு அறுத்தால் உள்ளே ஏற்கெனவே இருக்கிற ஒளி தெரியும். மனத்தின் அழுக்கைத் துடைத்தால் இறையொளி தெரியும் என்பது சூஃபிகளின் அன்றாடப் பாடம். அதே அடியைப் பழனிக்கு நடக்கிற ஒரு நகரத்தார் வாயில் வைத்தாலும் ஒன்றும் இடிக்காது. அவர் முகியித்தீன் சதகமும் பாடினார், அகத்தீசர் சதகமும் பாடினார். ‘எக்காலம்’ என்று ஏங்குகிற கண்ணியும் பாடினார், அதன் முன்மாதிரி பத்திரகிரியார் புலம்பல். குரு வழியாலும் தீட்சையாலும் அவர் காதிரிய்யா வழிச் சூஃபி. மொழியாலும் வடிவத்தாலும் சித்தர் மரபில் வந்தவர். ஒன்றை எடுத்தால் மற்றது பாட்டில் நிற்காது.

மனோன்மணி என்று பெண்ணை அழைத்துப் பாடுகிறாரே. அது அம்மன் பெயர் இல்லையா?

சைவத்தில் சக்திக்குரிய பெயர்தான். யோக நூல்களில் மனம் அடங்கிய ஒரு நிலைக்கும் அதே பெயர். குணங்குடியார் அதை இறைவனுக்கே வைத்து, தம்மை ஆண் காதலனாகவும் இறைவனைப் பெண்ணாகவும் கொண்டு மனோன்மணிக் கண்ணி பாடினார்.

இது நம் மரபுக்குத் தலைகீழ். ஆண்டாளும் சரி, ஆழ்வார்கள் பெண் வேடம் கொண்டு பாடியதும் சரி, இறைவன் நாயகன், பக்தன் நாயகி. பாரசீகச் சூஃபிக் கவிகள் இறைவனைக் காதலியாக வைத்துத் தாம் காதலனாக உருகினார்கள். குணங்குடியார் வெளியிலிருந்து ஒரு காதலியைக் கொண்டுவரவில்லை. தமிழில் ஏற்கெனவே இறைநிலைக்கு வழங்கிவந்த ஒரு பெண் பெயரை எடுத்து, சூஃபி உறவுமுறைக்குள் வைத்தார். நம்மில் பலர் இதை அம்மன் பாட்டு என்றே எண்ணிக் கேட்கிறோம். அப்படிக் கேட்பவருக்கும் பாட்டு வேலை செய்கிறது. ஆனால் அவர் வைத்த உறவு தெரிந்தால், ஏன் அங்கே ‘தாயே’ என்ற குரலைவிடப் பிரிவில் வாடுகிற காதலனின் குரல் ஓங்கி நிற்கிறது என்பது புரியும்.

அவருடைய சீடர்களில் இந்துக்கள் பலர். ஐயாசாமி முதலியார் அவர்மேல் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். சைவப் பெரும்புலவர் ஒருவர் முஸ்லிம் துறவிமேல் பிரபந்தம் பாடியதை அந்தக் காலத்தில் யாரும் அதிசயமாக எண்ணியதாகத் தெரியவில்லை.

பிள்ளைத்தமிழ் பாடுவார்களா? நபியைக் குழந்தையாக வைத்து?

நிறையப் பாடியிருக்கிறார்கள். நபிமேலும் முகியித்தீன் ஆண்டவர்மேலும் பிள்ளைத்தமிழ்கள் உண்டு. முட்டல் வருவது காப்புப் பருவத்தில். அங்கே திருமால் தொடங்கித் தெய்வங்களை வரிசையாக அழைத்துக் குழந்தையைக் காக்கச் சொல்வது முறை. முஸ்லிம் புலவர் அல்லாஹ்வை அழைத்து, நபிமாரையும் பெரியோரையும் பின்னால் நிறுத்துவார். அதற்கப்புறம் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று எந்த மாற்றமும் தேவைப்படாது. குழந்தை குழந்தைதானே.

அம்புலிப் பருவம் மட்டும் தனி அழகு. நிலவைக் குழந்தையோடு விளையாட வரச் சொல்லி நயமாகவும் பயமுறுத்தியும் அழைப்பது அந்தப் பருவம். நபியின் விரலசைவில் நிலவு இரண்டாகப் பிளந்தது என்ற செய்தி முஸ்லிம் புலவரிடம் கையிருப்பில் இருக்கிறது. வராவிட்டால் என்ன ஆகும் என்று நிலவை மிரட்ட இதைவிடப் பொருத்தம் எந்தப் பாட்டுடைத் தலைவருக்கும் வாய்க்காது. வடிவம் கேட்டதும் மார்க்கம் தந்ததும் முட்டாமல் சேர்ந்த இடம் இது.

இந்தப் பாட்டுகளை இப்போது முஸ்லிம்களே ஏற்பதில்லை என்கிறார்களே?

ஏற்பவர்களும் உண்டு, விலகி நிற்பவர்களும் உண்டு. இறைநேசர்களை அழைத்துப் பாடுவதும் தர்காக்களில் பாடுவதும் பற்றி முஸ்லிம்களுக்குள் நெடுநாளாக வாதம் இருக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். புலவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடவில்லை. சதக்கத்துல்லா அப்பா போன்ற ஆலிம்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் கூடி உட்கார்ந்து பாடுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது.

எங்கே தொடங்குவது? கம்பன் ஓரளவு படித்திருக்கிறேன்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். நாட்டுப் படலத்தில் சிக்கி நூலை மூடி வைத்தவர்கள் அதிகம். மானுக்குப் பிணை நின்ற படலத்தை முதலில் படியுங்கள். பிறகு சுரத்திற் புனலழைத்த படலம். அதன் பின் கடவுள் வாழ்த்துக்கும் தலைமுறைப் படலத்துக்கும் வாருங்கள். நாட்டுப் படலத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, கம்பனின் ஆற்றுப் படலத்தைப் பக்கத்தில் திறந்து ஒவ்வொரு பாட்டாக ஒப்பிட்டுப் பாருங்கள். மழை, வெள்ளம், வயல் என்று வரிசை ஒத்துவருவதும், எங்கே உமறு தன் வழியில் திரும்புகிறார் என்பதும் அப்போது தானாகத் தெரியும்.

உரை இல்லாமல் தொடங்க வேண்டாம். விருத்தம் கம்பனுக்குப் பழகியவருக்குக் கடினமில்லை, அரபுப் பெயர்கள்தான் முதலில் கால் இடறும். தமிழின் எழுத்து முறைக்கு ஏற்ப அவை உருமாறி வரும். ரசூல் என்பது இறசூல் என்று நிற்கும். பெயர்களை ஒரு தாளில் தனியாக எழுதி, யார் யாருக்கு உறவு என்று குறித்துக்கொண்டால் பத்துப் பாட்டில் பழகிவிடும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் சீறாவுக்கு உரை எழுதியிருக்கிறார். மூலம் மட்டும் போதுமென்றால் projectmadurai.org தளத்தில் கிடைக்கிறது. குணங்குடியாருக்கு உரை அவசரமில்லை. பராபரக் கண்ணியை வாய்விட்டுப் பாடத் தொடங்குங்கள், தாயுமானவர் கண்ணி எந்த மெட்டில் உங்கள் வீட்டில் பாடுவார்களோ அதே மெட்டில் பாடலாம்.